கடைசியில் தெரிந்த பிழை முதல் எடை வரை எப்படிப் போய்ச் சேருகிறது?

ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கிடம் 2 என்ற எண்ணைக் கொடுக்கிறோம். அது 1 என்று விடை சொல்ல வேண்டும். ஆனால் 0.4 என்கிறது. அதன் உள்ளே நான்கே நான்கு எண்கள் இருக்கின்றன. அந்த நான்கும் சேர்ந்துதான் இந்த 0.4ஐ உண்டாக்கின. இப்போது அந்த நான்கில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எவ்வளவு?

நெட்வொர்க் "கற்றுக்கொள்கிறது" என்று சொல்கிறோமே, அங்கே நடப்பது இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடை கண்டு, அந்த எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதுதான். அந்த எண்களுக்கு எடைகள் என்று பெயர். விடை கண்டுபிடிக்கும் முறைக்குப் பேக்ப்ரொபகேஷன் என்று பெயர். தமிழில் பின்பரவல் என்றும் எழுதுகிறார்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் இதை முழுக்கக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடவே போட்டு வந்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். நான் இதைப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளவில்லை. எண்களை ஒருமுறை கையால் போட்ட பிறகுதான் புரிந்தது. அதனால் இங்கேயும் அப்படியே போகிறேன்.

முதலில் நம் நெட்வொர்க் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு உள்ளீடு, `x`. அது நடுவில் இருக்கும் இரண்டு நியூரான்களுக்குப் போகிறது. போகும் வழியில் முதல் நியூரானுக்காக `w1` என்ற எடையால் பெருக்கப்படுகிறது, இரண்டாவதற்காக `w2` என்ற எடையால். நியூரான் என்ற பெயரைப் பார்த்து மூளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அது செய்வது ஒரே ஒரு காரியம்: வந்த எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அப்படியே அனுப்பும், பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் 0 என்று மாற்றி அனுப்பும். இந்தச் சின்ன விதிக்கு ரெலு என்று பெயர். பிறகு அந்த இரண்டு நியூரான்களிலிருந்தும் வெளிவரும் எண்களை (`h1`, `h2` என்று வைத்துக்கொள்வோம்) முறையே `v1`, `v2` என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டினால் கடைசி விடை `y` கிடைக்கும்.

தொடக்கத்தில் எடைகளுக்கு ஏதோ சில எண்களைக் கொடுத்துவிடுகிறோம்: `w1 = 0.5`, `w2 = 0.25`, `v1 = 0.6`, `v2 = -0.4`. இவை சரியான எண்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே, அவ்வளவுதான்.

இப்போது 2ஐ உள்ளே விடுவோம்.

```
h1 = 0.5  × 2 = 1.0
h2 = 0.25 × 2 = 0.5
y  = 0.6 × 1.0 + (-0.4) × 0.5 = 0.6 - 0.2 = 0.4
```

இரண்டு நியூரான்களுக்கும் வந்த எண்கள் பூஜ்யத்துக்கு மேல்தான். அதனால் ரெலு எதையும் மாற்றவில்லை. உள்ளீட்டிலிருந்து விடை வரை போகும் இந்தக் கணக்குதான் முன்னோக்கிய ஓட்டம்.

அடுத்தது, எவ்வளவு தப்பு என்று அளப்பது. வர வேண்டியது 1, வந்தது 0.4. வித்தியாசம் `0.4 - 1 = -0.6`. இந்த வித்தியாசத்தை வர்க்கம் எடுத்துப் பாதியாக்கி, அதைப் பிழை `E` என்று வைத்துக்கொள்கிறோம்: `E = ½ × (-0.6)² = 0.18`. வர்க்கம் எடுப்பதால், விடை கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் பிழை பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கும். பாதியாக்குவது ஒரு வசதிக்காக மட்டும். அது ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

சரி, `w1` என்ற எடையை எடுத்துக்கொள்வோம். அதைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? எளிமையான வழி, லேசாக அசைத்துப் பார்ப்பது. 0.5ஐ 0.501 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுவோம். `h1` இப்போது 1.002, `y` 0.4012, பிழை 0.17928. முன்பு 0.18 இருந்தது, இப்போது ஏறத்தாழ 0.00072 குறைந்திருக்கிறது. எடையை நகர்த்தியது 0.001 அளவு. ஆக, எடையை ஒரு பங்கு கூட்டினால் பிழை அதைப்போல் 0.72 பங்கு குறைகிறது. இந்த விகிதம், அதாவது -0.72, `w1` என்ற எடையைப் பொறுத்துப் பிழையின் சாய்வு. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லில் கிரேடியன்ட் என்பார்கள். சாய்வு மைனஸ் என்றால் எடையைக் கூட்டினால் பிழை குறையும். பிளஸ் என்றால் எடையைக் குறைத்தால் பிழை குறையும்.

இதே மாதிரி மற்ற மூன்று எடைகளையும் அசைத்துப் பார்த்துவிடலாமே, பேக்ப்ரொபகேஷன் எதற்கு? நான்கு எடைகளுக்கு உண்மையிலேயே தேவையில்லை. ஆனால் எடைகள் 10 லட்சம் இருந்தால், ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்க்க நெட்வொர்க்கை 10 லட்சம் தடவை முழுசாக ஓட்ட வேண்டும். அதுவும் எல்லா எடைகளையும் ஒரே ஒரு தடவை நகர்த்துவதற்கு. அப்படி ஆயிரக்கணக்கான தடவைகள் நகர்த்தினால்தான் நெட்வொர்க் உருப்படியாக எதையாவது கற்கும். இந்த வழியில் போனால் வேலை முடியவே முடியாது.

பேக்ப்ரொபகேஷன் இதே சாய்வுகளை, எல்லா எடைகளுக்கும் சேர்த்து, ஒரே ஒரு பின்னோக்கிய ஓட்டத்தில் கொடுத்துவிடுகிறது. அந்தப் பின்னோக்கிய ஓட்டத்துக்கு ஆகும் செலவு, முன்னோக்கி ஓட்டுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடைகள் 10 லட்சம் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எப்படி முடிகிறது? விடையிலிருந்து தொடங்கி, வந்த வழியே திரும்பி நடப்பதால். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: "இந்த இடத்தில் இருக்கும் எண் கொஞ்சம் கூடினால் கடைசிப் பிழை எவ்வளவு மாறும்?" ஒரு இடத்துக்கு விடை தெரிந்துவிட்டால், அதற்கு ஒரு படி முந்தைய இடத்துக்கு ஒரே ஒரு பெருக்கலில் விடை வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதில்லை.

முதல் இடம் `y`. பிழை `½ × (y - 1)²`. இதன் சாய்வு `y - 1`. வர்க்கத்தின் சாய்வை எடுக்கும்போது ஒரு 2 முன்னால் வந்து நிற்கும். நாம் முன்பே பாதியாக்கி வைத்திருப்பதால் அந்த 2 அடிபட்டுப் போகிறது. பாதியாக்கியது இதற்குத்தான். ஆக, `y` என்ற இடத்தில் சாய்வு `0.4 - 1 = -0.6`. `y` கூடினால் பிழை குறையும் என்று இந்த மைனஸ் சொல்கிறது. விடை 1க்குக் கீழே இருப்பதால் அது நியாயம்தான்.

இங்கிருந்து ஒரு படி பின்னால் போவோம். `y = v1 × h1 + v2 × h2`. இதில் `v1` கொஞ்சம் கூடினால் `y` எவ்வளவு கூடும்? `h1` மடங்கு, அதாவது 1.0 மடங்கு. `y` கூடினால் பிழை -0.6 மடங்கு மாறும் என்பது ஏற்கெனவே தெரியும். இரண்டையும் பெருக்கினால் `v1` எடையின் சாய்வு: `-0.6 × 1.0 = -0.6`. அதேபோல் `v2` எடையின் சாய்வு: `-0.6 × 0.5 = -0.3`.

சங்கிலி விதி என்று கணிதத்தில் சொல்வது இதுதான். ஒன்று மாறினால் அடுத்தது எத்தனை மடங்கு மாறும், அது மாறினால் அதற்கடுத்தது எத்தனை மடங்கு மாறும் என்று வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே போவது. வேறு ரகசியம் எதுவும் இதில் இல்லை.

எடைகளுக்கு மட்டும் சாய்வு கண்டால் போதாது. இன்னும் பின்னால் போக வேண்டுமானால் `h1`, `h2` ஆகிய இடங்களின் சாய்வும் தெரிய வேண்டும். `h1` கூடினால் `y` எத்தனை மடங்கு கூடும்? `v1` மடங்கு, 0.6. அதனால் `h1` இருக்கும் இடத்தின் சாய்வு `-0.6 × 0.6 = -0.36`. `h2` இருக்கும் இடத்தில் `-0.6 × (-0.4) = +0.24`.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். ஒரே பிழைதான், ஆனால் இரண்டு நியூரான்களுக்கும் எதிரெதிரான செய்தி போகிறது. முதல் நியூரானிடம் "உன் எண் கூடட்டும்" என்றும், இரண்டாவதிடம் "உன் எண் குறையட்டும்" என்றும். காரணம், இரண்டாவது நியூரான் விடையோடு சேர்வது -0.4 என்ற எடை வழியாக. அது தரும் எண் பெரிதாக ஆக விடை இன்னும் கீழே போகும். போகும்போது எந்த எடை வழியாக எண் போனதோ, அதே எடை வழியாகத்தான் பொறுப்பும் திரும்பி வருகிறது. பிழையில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை இந்த ஒரு பெருக்கலிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய நெட்வொர்க்கில் ஒரு நியூரான் அடுத்த அடுக்கில் பல நியூரான்களுக்கு எண் அனுப்பும். அப்போது எல்லா வழிகளிலிருந்தும் திரும்பி வரும் சாய்வுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரெலு. வந்த எண்ணை அப்படியே விட்டிருந்தால் அதன் மடங்கு 1. பூஜ்யமாக்கியிருந்தால் மடங்கு 0. நம் இரண்டு நியூரான்களும் எண்ணை அப்படியே விட்டன, அதனால் 1. கடைசிப் படி: `w1` கூடினால் நியூரானுக்கு வரும் எண் `x` மடங்கு, அதாவது 2 மடங்கு கூடும்.

```
w1 சாய்வு = -0.36 × 1 × 2 = -0.72
w2 சாய்வு = +0.24 × 1 × 2 = +0.48
```

-0.72 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? எடையை அசைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த அதே எண். அங்கே `w1` ஒன்றுக்காக மட்டும் நெட்வொர்க்கை மறுபடி ஓட்டினோம். இங்கே ஒரே நடையில் நான்கு எடைகளுக்கும் சாய்வு கிடைத்துவிட்டது. 0.6ம் 0.4ம் கலந்த பெருக்கல்களை ஒருமுறை போட்டு, அடுத்த படிக்கும் அதையே பயன்படுத்திக்கொண்டோம்.

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். திரும்பி வரும்போது `h1`, `h2`, `x` என்று முன்னோக்கிப் போனபோது கிடைத்த எண்களெல்லாம் தேவைப்பட்டன. அதனால் அவற்றை மறக்காமல் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பெரிய நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுக்கும்போது, வெறுமனே அதை ஓட்டுவதைவிட அதிக நினைவகம் தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பின்னோக்கி நடந்து எல்லாச் சாய்வுகளையும் ஒரே வீச்சில் கணக்கிடும் இந்த யோசனையைப் பொதுவான கணக்குமுறையாகப் பின்லாந்தைச் சேர்ந்த செப்போ லின்னய்ன்மா 1970இல் எழுதினார். நியூரல் நெட்வொர்க்குகளில் இது பரவலாக அறியப்பட்டது 1986இல். டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹிண்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய ஒரு சிறிய கட்டுரைக்குப் பிறகு.

சாய்வுகள் கையில் இருக்கின்றன. இனி எடைகளை நகர்த்த வேண்டும். சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக, சாய்வின் ஒரு சிறிய பங்கு மட்டும் நகர்த்துகிறோம். அந்தப் பங்குக்குக் கற்றல் வீதம் என்று பெயர். 0.1 என்று வைத்துக்கொள்வோம்.

```
v1 = 0.6  - 0.1 × (-0.6)  = 0.66
v2 = -0.4 - 0.1 × (-0.3)  = -0.37
w1 = 0.5  - 0.1 × (-0.72) = 0.572
w2 = 0.25 - 0.1 × (+0.48) = 0.202
```

இந்தப் புதிய எடைகளோடு 2ஐ மறுபடி உள்ளே விட்டால் `h1` 1.144, `h2` 0.404, விடை 0.606. பிழை 0.18இலிருந்து 0.078க்கு இறங்கிவிட்டது. இன்னொரு சுற்று இதே மாதிரி போட்டால் விடை 0.758, பிழை 0.029. இருபது சுற்றுக்குள் விடை 1ஐ மிக நெருங்கிவிடும். 1ஐ நெருங்க நெருங்க `y - 1` சிறிதாகிக்கொண்டே போவதால், எடைகள் நகரும் தூரமும் தானாகவே குறைந்துகொண்டு வரும்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பைத்தானில் இது இவ்வளவுதான்:

```python
x, t = 2.0, 1.0
w1, w2, v1, v2 = 0.5, 0.25, 0.6, -0.4
rate = 0.1

for step in range(20):
    z1, z2 = w1 * x, w2 * x
    h1, h2 = max(0.0, z1), max(0.0, z2)
    y = v1 * h1 + v2 * h2
    d = y - t
    print(step, y, 0.5 * d * d)

    gv1, gv2 = d * h1, d * h2
    gw1 = d * v1 * (z1 > 0) * x
    gw2 = d * v2 * (z2 > 0) * x

    v1 -= rate * gv1
    v2 -= rate * gv2
    w1 -= rate * gw1
    w2 -= rate * gw2
```

சாய்வுகளைக் கணக்கிடும் நான்கு வரிகள் முதலில், எடைகளை மாற்றும் நான்கு வரிகள் பிறகு. இந்த வரிசை முக்கியம். முதல் தடவை எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, `v1` எடையை 0.66 ஆக மாற்றிவிட்டு, அந்தப் புதிய 0.66ஐ வைத்தே `w1` எடையின் சாய்வைப் போடுவது. அப்போது -0.72க்குப் பதிலாக `-0.6 × 0.66 × 2 = -0.792` வரும். பிழையை உண்டாக்கியது பழைய 0.6தான், பொறுப்பும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

இந்தத் தவறில் உள்ள தொல்லை, நெட்வொர்க் நின்றுபோகாது. ஏதோ கற்றுக்கொண்டே இருக்கும், பிழையும் குறையும், கொஞ்சம் கோணலாக. நானும் ஒருமுறை இப்படி எழுதிவிட்டு, பிழை இறங்குவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிழை குறைவதை மட்டும் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. பிடிக்க ஒரே நல்ல வழி, நாம் வேண்டாம் என்று தள்ளிவைத்த பழைய வழிதான்: ஒரு எடையை 0.001 அசைத்து, பிழை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, பின்னோக்கிய கணக்கில் வந்த சாய்வோடு ஒப்பிடுவது. -0.719ம் -0.72ம் என்றால் சரி. -0.719ம் -0.792ம் என்றால் எங்கோ தவறு. கற்பிக்க இந்த வழி மிகவும் மெதுவானது, சரிபார்க்க இதைவிட நம்பகமானது இல்லை.

கற்றல் வீதம் 0.1 என்று வைத்தோமே, வேகமாகக் கற்கட்டும் என்று 1 வைத்தால் என்ன? மேலே உள்ள நிரலில் `rate = 1.0` என்று மாற்றிப் பாருங்கள். கையாலும் போடலாம். முதல் நகர்வுக்குப் பிறகு எடைகள்: `v1` 1.2, `v2` -0.1, `w1` 1.22, `w2` -0.23. விடை 2.928. 1ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது, பிழை 0.18இலிருந்து 1.86 ஆக ஏறிவிட்டது. சாய்வு சொன்ன பக்கம் சரிதான். ஆனால் சாய்வு என்பது இப்போது நிற்கும் இடத்தில் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டும்தான் சொல்லும். பத்தடி தள்ளித் தரை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. `w2` மைனஸ் ஆகிவிட்டதால் இரண்டாவது நியூரானுக்கு -0.46 வருகிறது, ரெலு அதை 0 ஆக்கிவிடுகிறது. பின்னோக்கி வரும்போதும் அங்கே மடங்கு 0. அதனால் அந்த நியூரானுக்கு எந்தச் செய்தியும் போகாது. அடுத்த நகர்வு இன்னும் மோசம். `y - 1` இப்போது 1.928. `w1` எடையின் சாய்வு `1.928 × 1.2 × 2 = 4.627`. 1.22இலிருந்து அதைக் கழித்தால் -3.407. முதல் நியூரானும் பூஜ்யமாகிவிட்டது.

இப்போது `h1`, `h2` இரண்டும் 0, விடை 0, பிழை 0.5. நான்கு சாய்வுகளும் 0. சாய்வு 0 என்றால் நகர்வும் 0. இதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் திரையில் 0.5, 0.5, 0.5 என்றேதான் வரும். பிழை பெரிதாகவே இருக்கிறது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று வழி அடைபட்டுவிட்டது. இதை இறந்த ரெலு என்பார்கள். பெரிய நெட்வொர்க்கில் எல்லா நியூரான்களும் இப்படி ஒரேயடியாகச் சாவது அபூர்வம். ஒரு பகுதி சத்தமில்லாமல் செத்துக் கிடப்பது சாதாரணம். எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரு நியூரானிலிருந்து 0 மட்டுமே வருகிறதா என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிழை திடீரென்று பல மடங்கு எகிறி, பிறகு ஒரே எண்ணில் உறைந்து நின்றால், முதலில் கற்றல் வீதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, எடைகளைப் புதிதாகத் தொடங்கி ஓட்டிப் பாருங்கள்.

தொடக்க எடைகள் ஏதோ சில எண்கள் என்று சொன்னேன். அதற்கும் ஒரு எல்லை உண்டு. நான்கையும் 0 என்று வைத்தால் `h1`, `h2` 0. அதனால் `v1`, `v2` எடைகளின் சாய்வு 0. `v1`, `v2` 0 என்பதால் `w1`, `w2` எடைகளின் சாய்வும் 0. ஓடத் தொடங்கும் முன்பே நின்றுவிடும். சரி, 0 வேண்டாம், `w1`, `w2` இரண்டும் 0.5, `v1`, `v2` இரண்டும் 0.6 என்று வைத்தால்? ஓடும். ஆனால் இரண்டு நியூரான்களுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே சாய்வு வரும். ஒரே மாதிரி நகரும். கடைசி வரை ஒன்று மற்றொன்றின் நகலாகவே இருக்கும். இரண்டு நியூரான் வைத்தும் ஒன்று வைத்த பலன்தான். தொடக்க எடைகளை ஒன்றுக்கொன்று வேறுபட்ட சிறிய தற்செயல் எண்களாக வைப்பது இதனால்தான்.

நம் நெட்வொர்க்கில் பின்னோக்கி வர இரண்டே படிகள். அடுக்குகள் அதிகமானால் பெருக்கல்களும் அதிகமாகும். முன்பு ரெலுவுக்குப் பதிலாக சிக்மாய்டு என்ற வளைவை அதிகம் பயன்படுத்தினார்கள். எந்த எண் வந்தாலும் அதை 0க்கும் 1க்கும் இடையில் மடக்கிவிடும் வளைவு அது. அதன் சாய்வு எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 0.25தான். பத்து அடுக்குகள் வழியாகத் திரும்பி வந்தால், எடைகளை விட்டுவிட்டு இந்த மடங்குகளை மட்டும் பெருக்கினாலே, 0.25ஐப் பத்து தடவை பெருக்கியதுபோல் ஆகிவிடும்; அதாவது 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடைசி அடுக்கு கற்றுக்கொண்டிருக்கும்போது முதல் அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ரெலு திறந்திருக்கும்போது மடங்கு சரியாக 1 என்பதால் இந்தத் தேய்மானம் இல்லை. அது பரவலானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதுவரை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினோம்: 2 கொடுத்தால் 1. உண்மையான பயிற்சியில் எடுத்துக்காட்டுகள் நிறைய இருக்கும். இன்னொன்றைச் சேர்ப்போம்: 1 கொடுத்தால் 0 வர வேண்டும். தொடக்க எடைகளோடு 1ஐ உள்ளே விட்டால் விடை 0.2. வர வேண்டியதைவிட 0.2 அதிகம். `w1` எடையின் சாய்வு `0.2 × 0.6 × 1 = +0.12`. முதல் எடுத்துக்காட்டு -0.72 என்று கூட்டச் சொன்னது. இது லேசாகக் குறைக்கச் சொல்கிறது. இரண்டின் சராசரி -0.30, அந்தப் பக்கம் நகர்கிறோம். எடுத்துக்காட்டுகள் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்க, சராசரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எடைகள் போகின்றன. எடுத்துக்காட்டுகள் மிக அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்காமல், சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் சராசரிக்கும் ஒருமுறை நகர்த்துவார்கள்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளோடு நம் நெட்வொர்க்கை ஓட்டினால், 0.1 என்ற வீதத்தில் பிழை அழகாக இறங்கி வந்து, சராசரியாக 0.05 என்ற இடத்தில் நின்றுவிடும். 2 கொடுத்தால் 0.8, 1 கொடுத்தால் 0.4. நியூரான் எதுவும் சாகவில்லை. அசைத்துப் பார்த்துச் சரிபார்த்தால் சாய்வுகளும் பொருந்தும். ஆனாலும் கீழே இறங்காது.

காரணம், நெட்வொர்க்கின் அமைப்பில் இருக்கிறது. இதில் இருப்பது வெறும் பெருக்கல். பூஜ்யத்துக்கு மேற்பட்ட எந்த எண்ணைக் கொடுத்தாலும், உள்ளீடு இரண்டு மடங்கானால் விடையும் இரண்டு மடங்காகும். 1 கொடுத்தால் 0 வர வேண்டுமானால் 2 கொடுத்தாலும் 0தான் வர முடியும். எடைகளை என்ன செய்தாலும் இதை மீற முடியாது. பேக்ப்ரொபகேஷன் இருக்கிற அமைப்புக்குள் முடிந்தவரை நல்ல சமரசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது, அந்த 0.8ம் 0.4ம் அந்தச் சமரசம்தான்.

இதற்குத்தான் ஒவ்வொரு நியூரானிலும் பயாஸ் என்று இன்னொரு எண்ணைக் கூட்டுவார்கள். பெருக்கிய பிறகு, ரெலுவுக்குள் போகும் முன், அது கூட்டப்படும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் இவ்வளவு நேரம் அதை விட்டுவைத்திருந்தேன். அதன் சாய்வைக் காண்பது எல்லாவற்றையும்விட எளிது. நியூரானுக்குத் திரும்பி வந்த சாய்வு எதுவோ, அதுவேதான். முதல் எடுத்துக்காட்டில் முதல் நியூரானுக்கு அது -0.36. பயாஸ் சேர்த்துவிட்டால் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் துல்லியமாகச் சொல்லும் எடைகள் உண்டு. முதல் நியூரானின் எடை 1, பயாஸ் -1, `v1` 1 என்று வைத்து, இரண்டாவது நியூரானின் `v2` எடையை 0 ஆக்கிவிடுங்கள். 2 வந்தால் `2 - 1 = 1`. 1 வந்தால் `1 - 1 = 0`.